வேலைக்கு எடுக்காத இடத்திடமே காரணம் கேட்கலாமா? கேட்டால் வரும் பதிலை என்ன செய்வது?

சாம்பல்தீவு | 2025 மார்ச் 3, இரவு 9.40

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கணக்கு உதவியாளர் வெற்றிடம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். இண்டைக்கு மின்னஞ்சல் வந்தது. "விண்ணப்பித்ததற்கு நன்றி, இம்முறை உங்களைத் தெரிவுசெய்ய முடியவில்லை" எண்டு இரண்டே வரி. நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. ஏன் எடுக்கவில்லை எண்டு கேட்டு எழுதலாமா? வீட்டில், கேட்டால் மரியாதைக் குறைவு எண்டு சொல்லுகினம். கேட்கலாம் எண்டால் என்ன எழுதுறது?

தம்பலகாமம் | மார்ச் 3, இரவு 10.15

தாராளமாகக் கேளுங்கோ. தகவல் அறியும் உரிமைச் சட்டம் எண்டு ஒன்று இருக்கு. அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதினால் 14 நாளுக்குள்ளே பதில் தந்தே ஆகவேணும்.

உவர்மலை | மார்ச் 4, காலை 6.50

தம்பி, நீங்கள் சொல்லும் சட்டம் உண்மைதான். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். ஆனால் அது அரச திணைக்களம், மாகாண சபை, நகரசபை போன்ற பகிரங்க அதிகார சபைகளுக்கானது. தனியார் ஹோட்டல் தன் ஆட்சேர்ப்பைப் பற்றி அந்தச் சட்டத்தின் கீழ் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. 14 நாள் என்பதும் வேலை நாட்கள். அதற்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவைத்தான் அறிவிக்கவேண்டும். கையில் தகவல் வர இன்னும் நாள் எடுக்கலாம். அரச வெற்றிடம் ஒன்றுக்கு நேர்முகம் போய் வந்தவர், தனக்கு விழுந்த புள்ளிகளையும் புள்ளித்திட்டத்தையும் கேட்க அது நல்ல வழி. மற்ற விண்ணப்பதாரிகளின் சொந்த விபரங்களைக் கேட்டால் மறுக்க இடமுண்டு.

தனியார் இடத்துக்குச் சட்டத்தின் பெயரைச் சொல்லி எழுதினால், அந்த மின்னஞ்சல் நேரே முகாமையாளரின் மேசைக்குப் போகும். பிறகு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

தங்கச்சி, கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "என்னை ஏன் எடுக்கவில்லை" என்று கேட்டால், பதில் சொல்பவர் உங்களை இன்னொருவரோடு ஒப்பிட்டு எழுதவேண்டி வரும். அதை எழுத்தில் போட எவரும் விரும்பமாட்டார். அது வாக்குவாதமாகத் திரும்பும் என்ற பயமும் இருக்கும். ஆகவே அவர் கோவையைத் திறக்காமலே, நினைவிலிருந்து ஒரு வரியில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்கவேண்டும். உங்களை நேர்முகத்துக்கே அழைக்கவில்லை. அப்படியென்றால் அவர்கள் பார்த்தது கடிதத்தையும் சுயவிபரக் கோவையையும் மட்டும். கேள்வியும் அவற்றைப் பற்றியே இருக்கட்டும்.

அவர்கள் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதுங்கள். பதவியின் பெயரும் பழைய கடிதமும் கீழேயே கிடக்கும், அவர் தேடத் தேவையில்லை. மூன்று வேலை நாட்களுக்குள் அனுப்புங்கள், அதற்குப் பிறகு அவர் தலையில் அடுத்த வெற்றிடம் ஏறிவிடும். அவர்களின் மின்னஞ்சல் ஆங்கிலத்தில் வந்திருந்தால் நீங்களும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். கீழே தமிழில் தருகிறேன், வரிகளின் வரிசையைப் பாருங்கள்.

> கணக்கு உதவியாளர் பதவி தொடர்பான உங்கள் முடிவை அறியத்தந்ததற்கு நன்றி. முடிவை ஏற்றுக்கொள்கிறேன்.
>
> அடுத்த விண்ணப்பத்தைத் திருத்திக்கொள்ள ஒரு விடயத்தை மட்டும் கேட்க விரும்புகிறேன். என் கடிதத்தில் அல்லது சுயவிபரக் கோவையில் நீங்கள் எதிர்பார்த்து, தெளிவாகக் காணாதது ஏதும் இருந்ததா? ஒரு வரி போதும். தொலைபேசியில் சொல்வது இலகுவென்றால் உங்களுக்கு வசதியான நேரத்தில் அழைக்கிறேன்.
>
> நேரமில்லையென்றால் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நன்றி.

"முடிவை ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வரியை வெட்டாதீர்கள். மேன்முறையீடு செய்ய வரவில்லை என்று அவருக்குத் தெரிந்த பிறகுதான் கை இளகும். திருத்திய சுயவிபரக் கோவையை இதனோடு இணைக்கவும் கூடாது. இணைத்தால் "திரும்பவும் பாருங்கள்" என்று கேட்டதாகிவிடும்.

உவர்மலை | மார்ச் 4, காலை 7.20

ஒன்றை விட்டுவிட்டேன். பதிலனுப்ப முடியாத முகவரியிலிருந்து வந்திருந்தால், விளம்பரத்தில் போட்டிருந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். மனிதவளப் பிரிவில் இருப்பவரின் சொந்த வாட்ஸ்அப் இலக்கத்தைத் தேடிப்பிடித்து அனுப்பவேண்டாம். ஏழெட்டு நாளில் பதில் இல்லாவிட்டால் ஒரே ஒரு ஞாபகமூட்டல், இரண்டு வரியில். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பாலையூற்று | மார்ச் 4, பிற்பகல் 1.05

மின்னஞ்சலெல்லாம் கொழும்புக் கம்பனிக்குச் சரி. எங்கட ஊரில ஆரிட்டையும் கேட்டால் ஆருக்காவது அந்த ஹோட்டலில ஒராளைத் தெரிஞ்சிருக்கும். அவர் மூலமாக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுவினம். எழுத்தில வாறது எப்பவும் பூசி மெழுகின பதில்தான்.

உவர்மலை | மார்ச் 4, மாலை 5.30

அக்கா சொல்வதில் பாதி சரி. வாயால் சொல்வது எழுத்தைவிடத் திறந்ததாக இருக்கும், அதனால்தான் தொலைபேசி என்ற வரியை அந்தக் கடிதத்தில் வைத்தேன். ஆனால் இடையில் ஒராள் நின்றால் சொல் மாறிவிடும். "கடிதத்தில் தெளிவில்லை" என்று உள்ளே சொன்னது, வெளியே வரும்போது "பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதாம்" என்று ஆகிவிடும். கடிதத்தைத் திருத்துவதற்கு அவர் சொன்ன சொல் அப்படியே வேண்டும்.

பாலையூற்று | மார்ச் 4, இரவு 8.10

அப்ப எழுத்திலயும் கேட்கட்டும், ஆளைக் கொண்டும் விசாரிக்கட்டும். ரெண்டில எது உண்மையெண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாமே. நான் என்ர கருத்தை மாத்தேல்லை.

கிண்ணியா | மார்ச் 5, இரவு 9.00

எனக்கும் இதே பிரச்சினைதான். ஒரு திட்ட உதவியாளர் வேலை, மூன்று பேர் கொண்ட நேர்முகம், அரை மணி நேரம் இருந்து பேசினேன். கிழமை ஒன்றில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடிதத்தில்தான் பிழை என்று நினைத்து மூன்று தரம் மாற்றி எழுதிவிட்டேன். இன்னும் எதை மாற்ற?

உவர்மலை | மார்ச் 5, இரவு 9.45

நானா, உங்கள் விடயம் வேறு. கடிதத்தின் வேலை உங்களை நேர்முக அறைக்குள் கொண்டுபோவது. அது கொண்டுபோய்விட்டது. தடுமாறிய இடம் அறைக்குள் இருக்கும்போது கடிதத்தை மாற்றினால், நன்றாக ஓடிய கடிதம் கெட்டுப்போகும். முதலாவது பிரதியையே திரும்ப எடுத்து வையுங்கள்.

நீங்கள் கேட்கவேண்டிய கேள்வியும் வேறு: "நேர்முகத்தில் எந்தக் கேள்விக்கு நான் இன்னும் விளக்கமாகப் பதில் சொல்லியிருக்கலாம்?" நேர்முகம் நடத்தியவர்களில் ஒருவரின் மின்னஞ்சல் உங்களிடம் இருந்தால் அவரிடமே கேட்கலாம். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவேண்டாம். ஒருவர் சொல்லட்டும் என்று மற்ற இருவரும் இருந்துவிடுவார்கள்.

சாம்பல்தீவு | மார்ச் 11, மாலை 6.25

பதில் வந்திருக்கு. அப்படியே போடுறன்:

> கணக்கு மென்பொருளில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தோம். உங்கள் கடிதமும் சற்றுப் பொதுவாக இருந்தது. எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

எனக்குச் சரியான கோபம். குவிக்புக்ஸில் நான் ஒவ்வொரு நாளும் வேலை செய்யிறன். சுயவிபரக் கோவையின் இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கு. வாசிக்காமல் எழுதியிருக்கினம். "இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்" எண்டு திருப்பி எழுதட்டோ?

தம்பலகாமம் | மார்ச் 11, மாலை 6.40

எழுதுங்கோ. பிழை அவையளின்ரதானே.

உவர்மலை | மார்ச் 11, இரவு 8.30

எழுதவேண்டாம். தங்கச்சி, நீங்கள் பெறக்கூடிய பதில்களிலேயே இதுதான் மிகப் பெறுமதியானது. இருக்கிற அனுபவம் இல்லையென்று ஒருவர் நினைத்திருக்கிறார் என்றால், அது அவர் கண்ணில் படவில்லை. விண்ணப்பங்களைப் பிரிப்பவர் முதல் சுற்றில் கடிதத்தின் முதல் பந்தியையும் கோவையின் முதல் பக்கத்து மேற்பாதியையும்தான் பார்ப்பார். அங்கே இல்லாததைத் தேடி அவர் இரண்டாம் பக்கத்துக்குப் போகமாட்டார். அடுத்த இடத்திலும் இப்படியே ஒருவர் இருப்பார். இவரைத் திருத்துவதால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, தாளைத் திருத்தினால் கிடைக்கும்.

இன்று இரவே இதை மட்டும் அனுப்புங்கள்: "நேரம் ஒதுக்கிப் பதில் தந்ததற்கு நன்றி. நீங்கள் சொன்ன இரண்டையும் கவனித்துத் திருத்துகிறேன்." விளக்கமும் "ஆனால்" என்ற சொல்லும் வரவே கூடாது.

அந்தப் பதிலில் இரண்டு விடயம் இருக்கிறது. மென்பொருள் அனுபவம் உங்களிடம் இருந்தும் தெரியவில்லை, அது இடத்தை மாற்றினால் தீரும். உண்மையிலேயே உங்களிடம் இல்லாத ஒன்றைச் சொல்லியிருந்தால் கடிதத்தை எப்படி எழுதினாலும் தீராது, படிக்கத்தான் வேண்டும். "பொதுவாக இருந்தது" என்பது எழுத்தைப் பற்றியது. அதற்கு உங்கள் கடிதத்தைப் பார்க்கவேண்டும். முதல் பந்தியை இங்கே போடுங்கள். குவிக்புக்ஸ் கோவையில் எந்த வரியில் எப்படி இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

சாம்பல்தீவு | மார்ச் 11, இரவு 9.10

நன்றி அனுப்பிட்டன்.

கோவையில் கடைசிக்கு முதல் வரி: "வேறு திறன்கள்: எம்எஸ் ஆபீஸ், குவிக்புக்ஸ், தட்டச்சு, இணையப் பாவனை."

கடிதத்தின் முதல் பந்தி:

> பத்திரிகையில் வெளியான விளம்பரத்தைக் கண்டு மேற்படி பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவள், எதையும் விரைவாகக் கற்றுக்கொள்வேன். சந்தர்ப்பம் தந்தால் உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு என்னாலான பங்களிப்பைச் செய்வேன்.

உவர்மலை | மார்ச் 12, காலை 6.40

ஒரு சோதனை செய்து பாருங்கள். இந்தப் பந்தியை அப்படியே ஒரு வங்கிக்கும், ஒரு பாடசாலை அலுவலகத்துக்கும், துறைமுகத்தில் ஒரு களஞ்சியப் பதவிக்கும் அனுப்பலாமா? ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அனுப்பலாம். அதைத்தான் அவர் "பொதுவாக இருந்தது" என்றார். கணக்கு என்ற சொல்லே இதில் இல்லை. அவர் சொன்ன இரண்டும் ஒரே குறைதான் என்பது இப்போது தெரிகிறது. கடிதத்தில் நின்றிருக்கவேண்டிய மென்பொருள், தட்டச்சுக்கும் எம்எஸ் ஆபீசுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. அதனால் முந்தி இரண்டாகப் பிரித்துச் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

இப்போது இதற்கு மட்டும் பதில் தாருங்கள். எவ்வளவு காலமாக, எப்படியான இடத்தில், குவிக்புக்ஸில் எதைச் செய்கிறீர்கள்? கிழமைக்கு எத்தனை? நீங்கள் தனியாகச் செய்வது எது, இன்னொருவர் பார்த்துத் தருவது எது?

சாம்பல்தீவு | மார்ச் 12, இரவு 8.50

டவுனில் ஒரு ஹாட்வெயார் கடை. 11 மாதம். வழங்குநர்களின் பில் பதியிறது நான்தான், கிழமைக்கு 40 அளவில வரும். பதிய முதல் சாமான் வந்த குறிப்போட பில்லை ஒப்பிட்டுப் பார்ப்பன். மாத முடிவில் இரண்டு வங்கிக் கணக்குக்கும் இணக்கக் கூற்றும் நான் செய்யிறன், முதலாளியின்ர கணக்காளர் வந்து பார்த்துக் கையெழுத்து வைப்பார். சில்லறைக் காசேடு என்னட்டை. சம்பளம் நான் செய்யிறதில்லை. ஏஏடி முதலாம் நிலை முடிச்சிட்டன்.

தம்பலகாமம் | மார்ச் 12, இரவு 9.20

சம்பளமும் செய்யிறன் எண்டு போடுங்கோ. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில ஊழியர் 8 வீதம், கம்பனி 12 வீதம். நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி 3 வீதம். இதைத் தெரிஞ்சால் காணும். அதோட அந்த ஹோட்டலின்ர இணையப்பக்கத்தில இருக்கிற ரெண்டு வரியை எடுத்துப் போட்டால் கடிதம் பொதுவா இருக்காது.

பாலையூற்று | மார்ச் 12, இரவு 9.35

தம்பி, வீதம் தெரியுறதும் 20 பேருக்குச் சம்பளப் பட்டியல் போட்டு அடுத்த மாத முடிவுக்குள்ள சேமலாப நிதிக்குச் சி படிவத்தோட பணம் கட்டுறதும் ஒண்டில்லை. நேர்முகத்தில "சி படிவத்தில என்ன நிரப்புவீங்கள்" எண்டு ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை முழிக்கும். செய்யாததைச் செய்தன் எண்டு எழுதவே வேண்டாம்.

உவர்மலை | மார்ச் 13, காலை 7.00

அக்கா சொன்னதுதான். இணையப்பக்கத்து வரியும் உதவாது. "புகழ்பெற்ற உங்கள் ஹோட்டல்" என்று அவர்கள் எழுதியதையே அவர்களுக்குத் திருப்பி அனுப்பினால், உங்களைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது. விளம்பரத்தில் கேட்ட வேலைக்கும் நீங்கள் செய்த வேலைக்கும் இடையில் ஒரு பாலம் போட்டால் போதும், அதுதான் பொதுவாக இல்லாத கடிதம்.

இப்படி இருக்கலாம்:

> நகரிலுள்ள ஒரு ஹாட்வெயார் விற்பனை நிலையத்தில் 11 மாதங்களாகக் கணக்கு உதவியாளராக வேலை செய்கிறேன். குவிக்புக்ஸில் கிழமைக்குச் சுமார் 40 வழங்குநர் பில்களைப் பொருள் பெற்ற குறிப்போடு ஒப்பிட்டுப் பதிவதும், மாத முடிவில் இரண்டு வங்கிக் கணக்குகளுக்கு இணக்கக் கூற்று தயாரிப்பதும், சில்லறைக் காசேட்டை எழுதுவதும் என் பொறுப்பு. ஏஏடி முதலாம் நிலையை முடித்துள்ளேன்.

நீங்கள் கடின உழைப்பாளி என்று இதில் எங்கேயும் இல்லை. கிழமைக்கு 40 பில் என்பதைப் பார்ப்பவருக்கு அது விளங்கும். இணக்கக் கூற்றைக் கணக்காளர் பார்த்துக் கையெழுத்து வைக்கிறார் என்பதால்தான் "தயாரிப்பது" என்று எழுதினேன். "முழுமையாக முடிப்பது" என்று போட்டிருந்தால் பொய்யாகிவிடும்.

கோவையிலும் ஒரு மாற்றம். "வேறு திறன்கள்" வரியிலிருந்து குவிக்புக்ஸை எடுத்து, முதல் பக்கத்தில் இப்போதைய வேலையின் பெயருக்குக் கீழே முதல் வரியாகப் போடுங்கள். இணையப் பாவனையை அழித்துவிடுங்கள், 2025இல் அதை யாரும் திறமையாக எண்ணுவதில்லை.

கிண்ணியா | மார்ச் 13, பிற்பகல் 12.40

சம்பளம் செய்ததில்லை என்று கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லதில்லையா? மறைத்த மாதிரி இருக்காதே.

உவர்மலை | மார்ச் 13, மாலை 5.15

விளம்பரத்தில் சம்பளப் பட்டியல் கேட்டிருந்தால் சொல்லலாம், "கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்பது உண்மையாக இருந்தால் அதோடு சேர்த்து. கேட்காவிட்டால் சும்மா இல்லாததை ஏன் எழுதவேண்டும்?

பாலையூற்று | மார்ச் 13, மாலை 6.00

கேட்டிருந்தாலும் கடிதத்தில எழுதக்கூடாது எண்டுதான் நான் நினைக்கிறன். பிரிக்கிறவர் அந்த ஒரு வரியைப் பார்த்திட்டுத் தூக்கி ஒரு பக்கம் வைச்சிடுவார். நேர்முகத்தில கேட்டால் உண்மையைச் சொல்லலாம்.

சாம்பல்தீவு | மார்ச் 18, இரவு 9.30

உப்புவெளியில் இன்னொரு இடம் விளம்பரம் போட்டிருக்கு. மே மாதத்துக்கு முதல் ஆள் தேவையாம். "வழங்குநர் கொடுப்பனவுகள், தினசரி வருமான அறிக்கை" எண்டு கேட்டிருக்கினம். தினசரி வருமான அறிக்கை நான் செய்ததில்லை. முதல் பந்தி அண்ணா தந்த மாதிரியே. இரண்டாம் பந்தி நானே எழுதினது:

> உங்கள் ஹோட்டலில் பருவகாலத்தில் வேலை அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். வழங்குநர் பில்களைப் பதிவதில் அனுபவம் உண்டு. தினசரி வருமான அறிக்கையை விரைவாகக் கற்றுக்கொள்வேன்.

உவர்மலை | மார்ச் 19, காலை 6.55

"விரைவாகக் கற்றுக்கொள்வேன்" திரும்ப வந்துவிட்டது, பார்த்தீர்களா. பழைய கடிதத்தின் வரி அது.

மே முதல் செப்டெம்பர் வரை இங்கே பருவகாலம் என்பதை ஹோட்டல்காரருக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் மீனும் மரக்கறியும் கடனுக்கு எடுத்த பில்கள் குவியும்போது, ஒரே பில்லை இரண்டு தரம் பதியாமல் பார்க்க உங்களுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தேவையான தகவல். ஹாட்வெயார் கடையில் நீங்கள் செய்வதும் அதேதானே. கடையில் நாளாந்த விற்பனைக் காசை மாலையில் யார் எண்ணுவது?

சாம்பல்தீவு | மார்ச் 19, இரவு 8.20

காசாளர் எண்ணுவார். பிறகு மெஷினில் வாற தாளோட நான் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் எழுதி வைப்பன். வங்கிக்குக் கட்டுற சிட்டையும் நான் எழுதுவன். அதை எழுதலாம் எண்டே யோசிக்கேல்லை.

உவர்மலை | மார்ச் 19, இரவு 8.45

தினசரி வருமான அறிக்கைக்கு மிகக் கிட்டிய வேலை அதுதான். ஹோட்டலில் அறை, சாப்பாடு, மற்ற வருமானம் என்று பிரிந்து வரும், இங்கே ஒரே விற்பனை. ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இரண்டுக்கும் ஒன்று. "அறிக்கை தயாரித்தேன்" என்று எழுதாமல், செய்ததை அப்படியே எழுதுங்கள்.

சாம்பல்தீவு | மார்ச் 20, இரவு 9.05

> நீங்கள் கேட்டுள்ள வழங்குநர் கொடுப்பனவு வேலையை இப்போதும் செய்கிறேன். ஒரே பில் இரண்டு தரம் பதிவாகாமல் இருக்க, பில் இலக்கத்தையும் பொருள் பெற்ற குறிப்பையும் பார்த்த பின்பே பதிவேன். ஒவ்வொரு மாலையும் காசாளர் எண்ணிய விற்பனைப் பணத்தை இயந்திரத்தின் தாளோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்து, வங்கி வைப்புச் சிட்டையை எழுதுகிறேன். ஹோட்டலின் தினசரி வருமான அறிக்கையை இதுவரை செய்ததில்லை. இந்த ஒப்பிடும் வேலை அதற்கு அடிப்படையாக உதவும்.

பாலையூற்று | மார்ச் 20, இரவு 9.20

"செய்ததில்லை" எண்டதை வெட்டுங்கோ.

உவர்மலை | மார்ச் 20, இரவு 9.40

இந்த முறை விளம்பரத்தில் கேட்டிருக்கிறார்கள், அதனால் நான் வைத்திருப்பேன். ஆனால் இடத்தை மாற்றலாம். ஒப்பிடும் வேலையைச் சொன்ன அதே வாக்கியத்துக்குள் கொண்டுவந்தால் தனியாக நின்று கண்ணைக் குத்தாது. முடிவு தங்கச்சியுடையது.

அனுப்பிய பிரதியைத் திகதியோடு தனியாக வையுங்கள். நிலாவெளிக்கு அனுப்பியதையும் அழிக்கவேண்டாம். ஒரு கொப்பியில் எந்த இடத்துக்கு எந்தப் பிரதி போனது, என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். ஒரு இடம் சொன்னதை வைத்து முழுக் கடிதத்தையும் புரட்டுவது ஆபத்து. "பொதுவாக இருக்கிறது" என்பதை நாங்களே கடிதத்தில் சோதித்துப் பார்த்ததால்தான் மாற்றினோம். "இன்னும் நீளமாக எழுதியிருக்கலாம்" என்று நாளைக்கு ஒருவர் சொன்னால், அது அவருடைய விருப்பமாகவும் இருக்கலாம். இரண்டாவது இடமும் அதையே சொல்லும்வரை கை வைக்காதீர்கள்.

கிண்ணியா | மார்ச் 21, காலை 10.30

நான் கேட்டதற்குப் பதில் வந்தது. "பாதீட்டைப் பற்றிய கேள்வியில் எண்கள் இல்லாமல் பேசினீர்கள்" என்றார்கள். கடிதத்தைத் தொடவில்லை. இன்னொரு கேள்வி: நிலாவெளியில் அதே இடம் திரும்ப விளம்பரம் போட்டால், சாம்பல்தீவுத் தங்கச்சி விண்ணப்பிக்கலாமா?

பாலையூற்று | மார்ச் 21, காலை 11.00

ஒரு வருசம் பொறுக்கவேணும்.

உவர்மலை | மார்ச் 21, மாலை 5.50

வேறு பதவியோ புதிய வெற்றிடமோ என்றால் மூன்று மாதத்திலும் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் சொன்னது திருத்தப்பட்டிருக்கவேண்டும். முதல் வரியிலேயே, "மார்ச் மாதம் நீங்கள் சொன்னபடி என் மென்பொருள் அனுபவத்தை இம்முறை தெளிவாகத் தந்துள்ளேன்" என்று எழுதலாம். அதே மனிதவள அலுவலர் அங்கே இருந்தால் அந்த வரி அவருக்குத்தான். ஆள் மாறியிருந்தால் வெட்டிவிடுங்கள், புதியவருக்கு அது பழைய நிராகரிப்பை மட்டும்தான் நினைவூட்டும்.

சாம்பல்தீவு | மார்ச் 21, இரவு 9.15

உப்புவெளிக்கு இண்டைக்கு அனுப்பிட்டன். "செய்ததில்லை" எண்டதை நடு வாக்கியத்துக்குள்ள வைச்சிருக்கிறன்.